கோவை எந்த மேசையில் நிற்கிறது?

வணக்கம். திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். குச்சவெளிப் பக்கம் மாதம் இரண்டு தடவை நடமாடும் சேவை நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் பணிப்பாளர் "நல்ல யோசனை" என்றார். நாலு மாதமாகியும் அசைவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு யாரிடம் போய்க் கதைக்க வேண்டும் என்று தெரியும். அவருடைய கோவைகள் நகர்கின்றன. எனக்குக் காக்காய் பிடிக்க வராது. இந்த அரசியலைப் படிக்காமல் வேலை செய்ய முடியாதா?
- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

படிக்கத்தான் வேண்டும். அதற்காக யாருக்கும் காக்காய் பிடிக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷேல் க்ரோசியே அங்குள்ள அரச புகையிலைத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். 1964இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்த ஆய்வில், பதவியில் கீழே இருந்த இயந்திரம் திருத்துபவர்களுக்குப் பெரிய செல்வாக்கு இருந்ததைக் காட்டினார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாத ஒன்று இயந்திரம் பழுதாவது மட்டுமே. அதைச் சரிசெய்யும் அறிவு அவர்கள் கையில் இருந்தது, அதை எழுத்தில் வைக்காமலும் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு நிச்சயமில்லாத ஒன்று யார் கையில் இருக்கிறதோ, அவரைக் கேட்டுத்தான் மேலிடமும் நகரும்.

நம் கந்தோர்களில் அது என்ன? கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்து "இதுதான் சொல்கிறார்கள்" என்று சொல்பவர் ஒருவர். ஓடிட்டில் கேள்வி வருமா வராதா என்று சொல்லக்கூடிய பழைய லிகிதர் இன்னொருவர். உங்கள் விடயத்தில் வாகனம் வேண்டும், டீசல் வேண்டும், சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். ஆகவே வாகன ஒழுங்கைப் பார்ப்பவரிடம்தான் உங்கள் கோவை நிற்கிறது என்பது என் ஊகம். பணிப்பாளர் அவரிடம் "ஏலுமா?" என்று கேட்டிருப்பார். அவர் "பார்ப்பம் சேர்" என்றிருப்பார். எதிர்ப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விடயம் அங்கேயே முடிந்துவிடும்.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். முழு அலுவலகத்தையும் வரையப் போனால் வம்புதான் சேரும். அண்மையில் நிறைவேறிய ஒரு விடயத்தையும் நின்றுபோன ஒன்றையும் எடுத்து, கையெழுத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதல் வரைவை யார் எழுதினார்? ஒப்பமிடும் முன் பணிப்பாளர் யாரைக் கூப்பிட்டார்? யார் திருத்தியபின் வசனம் மாறியது? யார் யாரைக் கேட்கிறார் என்பதை ஒரு தாளில் படமாக வரையுங்கள்: கண்ணால் கண்டதற்கு நேர்கோடு, கேள்விப்பட்டதற்குப் புள்ளிக்கோடு. பெரும்பாலும் புள்ளிக்கோடுதான் வரும், அது பரவாயில்லை.

இதில் அதிகம் பிழைப்பது ஓரிடத்தில். யார் யாரோடு தேநீர் குடிக்கிறார் என்பதை வைத்துச் செல்வாக்கை அளக்கிறோம். டேவிட் கிராக்ஹார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் ஒரு சிறிய நிறுவனத்தைப் பற்றி எழுதினார். வேலையில் யார் யாரிடம் ஆலோசனை கேட்கிறார் என்பதைச் சரியாக அறிந்தவர்களைத்தான் அங்கே மற்றவர்களும் செல்வாக்குள்ளவர்களாக மதித்தார்கள். யார் யாருக்குச் சிநேகிதர் என்று சரியாகத் தெரிந்திருந்தது அப்படி உதவவில்லை. ஒரே நிறுவனத்து முடிவு என்றாலும் கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவரைத் தாண்டிப் பார்க்க அது போதும். அடுத்த கூட்டத்துக்கு முன் எது நிறைவேறும், யார் தடுப்பார் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பொய்த்தால் படத்தைத் திருத்துங்கள்.

சரி, படம் கையில் வந்தபின் என்ன செய்வது? வாகனம் பார்ப்பவரிடம் நேரே போய், "அண்ணா, இந்தச் சேவைக்கு வாகனம் தேவைப்படும். உங்களைக் கேட்காமலே எழுதிவிட்டேன். எந்தக் கிழமை சிரமம் குறைவு?" என்று கேளுங்கள். மாதக் கடைசியில் டீசல் ஒதுக்கீடு முடிந்துவிடும் என்பார், அல்லது ஓட்டப் பதிவில் கேள்வி வரும் என்பார். அதற்கேற்ப மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்கு மாற்றுங்கள். குச்சவெளிக்கு ஏற்கெனவே வேறு பிரிவின் வாகனம் போகும் நாளோடு சேர்க்க முடியுமா என்றும் பாருங்கள். திருத்திய வரைவில் "வாகனப் பிரிவோடு கலந்து திகதிகள் முடிவு செய்யப்பட்டன" என்று எழுதுங்கள். அடுத்த முறை பணிப்பாளர் அவரிடம் கேட்கும்போது பதில் வேறாக இருக்கும்.

எந்த இடத்தில் இது சூழ்ச்சியாகிறது என்று நீங்கள் பயப்படுவது நியாயமே. நான் வைத்திருக்கும் அளவு ஒன்று: ஒருவரிடம் ஏன் போனேன் என்பதை அவரிடமே சொல்ல முடிய வேண்டும், அவரிடம் சொன்னதைப் பணிப்பாளர் முன்னும் சொல்ல முடிய வேண்டும். கணக்காளர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார் என்று பொய் சொல்லி அடுத்தவரை நெருக்குவது இதில் தேறாது. ஒருவருடைய வீட்டுப் பிரச்சினை, கடன், மார்க்கக் கதை எதையும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

இன்னொன்று. கேட்டுப் பார்த்தபின் தடைக்குக் காரணம் லஞ்சமோ, குச்சவெளி மக்கள் யார் என்ற பாகுபாடோ என்று தெரிந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே சமாதானமாகத் திகதி மாற்றினால் நீங்களும் அதற்கு உடந்தை. திகதியிட்ட எழுத்துமூலக் கோரிக்கை, அதன் பிரதி, பதில் கேட்டு நினைவூட்டல், அப்புறம் மேலதிகாரிக்கு முறைப்பாடு என்றுதான் போக வேண்டும்.

கோவை நகரும் அந்தச் சக உத்தியோகத்தரையும் ஒருமுறை கேளுங்களேன். அவர் யாரிடம், எதைக் கேட்கப் போகிறார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாதுதானே.