சிஎன்ஜி பில்லில் கிலோ கூடுதலா வருதுங்களே?

கேள்வி: ஐயா வணக்கமுங்க. பல்லடத்துல சிஎன்ஜி லோடு வண்டி ஓட்டறேன். சிலிண்டர் 60 லிட்டர். கேஜ் 50 பார்ல இருக்கும்போது பங்க்ல விட்டேன், 200 வரைக்கும் ஏத்துனாங்க. பில் 6.7 கிலோ. பதினொன்றாவது படிக்கற பையன் PV = nRT போட்டுப் பார்த்து, 5.7 கிலோவுக்கு மேல ஏற வழியே இல்லைங்கறான். காலையில பார்த்தா கேஜ் 190தான் காட்டுது. ஏமாத்தறாங்களா?

பதில்: பையனுக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லுங்க. கணக்கில் பிழை இல்லை. 150 பார், 60 லிட்டர், 30 டிகிரி என்று வைத்தால் 357 மோல் வரும். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான்; அதன் மோல் எடை 16 கிராம், ஆக 5.7 கிலோ. ஆனால் அந்தச் சூத்திரம், மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காத, இடமும் பிடிக்காத ஒரு கற்பனை வாயுவுக்கானது; அதை நல்லியல்பு வாயு என்பார்கள். உங்கள் சிலிண்டரில் இருப்பது நிஜமான வாயு, அதாவது இயல்பு வாயு, அதுவும் 200 பாரில். அங்கே சூத்திரம் நன்றாகவே சறுக்கும்.

எவ்வளவு சறுக்குகிறது என்று சொல்லும் எண்தான் அமுக்கத்திறன் காரணி. அவன் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்:

Z = PV / nRT

Z ஒன்று என்றால் வாயு சூத்திரப்படி நடக்கிறது. ஒன்றுக்குக் குறைவு என்றால், அதே அழுத்தத்தில் சூத்திரம் சொல்வதைவிடக் குறைந்த இடத்தில் வாயு அடங்குகிறது. அதாவது அதே சிலிண்டரில் கூடுதல் கிலோ ஏறும்.

இதை அழுத்தம்-கனஅளவு அட்டவணையிலிருந்து நீங்களே படிக்கலாம். வெப்பநிலையை மாற்றாமல், ஒவ்வொரு வரியிலும் அழுத்தத்தையும் ஒரு மோலின் கனஅளவையும் பெருக்குங்கள். நல்லியல்பு வாயுவாக இருந்தால் எல்லா வரியிலும் ஒரே விடை வரவேண்டும். 30 டிகிரியில் அது 25.2. மீத்தேனுக்கு 1 பாரில் கிட்டத்தட்ட அதுவேதான் வருகிறது. 50 பாரில் ஒரு மோல் சுமார் 0.463 லிட்டர், பெருக்கினால் 23.2. 100 பாரில் 0.217 லிட்டர், பெருக்கினால் 21.7. 200 பாரில் 0.105 லிட்டர், பெருக்கினால் 21. ஒவ்வொன்றையும் 25.2 ஆல் வகுத்தால் Z கிடைக்கும்: 0.92, 0.86, 0.83.

எண்கள் ஒரே வேகத்தில் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 50லிருந்து 100க்குள் நன்றாக இறங்கியது, 100லிருந்து 200க்குள் வேகம் குறைந்துவிட்டது. 200க்குக் கொஞ்சம் முன்பே அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் திரும்பி ஏறத் தொடங்குகிறது. 400 பார் பக்கம் மறுபடி ஒன்றைத் தொட்டுத் தாண்டும். மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன, அதனால் சுவரை மோதும் வேகம் குறைகிறது; Z இறங்குவது அதனால். இன்னும் நெருக்கினால் மூலக்கூறுகளுக்கென்று உள்ள இடமே தடையாகிவிடும், Z ஏறும். சிஎன்ஜி நிரப்பும் 200 பார் இந்தப் பள்ளத்தின் அடியிலேயே விழுகிறது. வண்டிக்காரருக்கு அது லாபம்தான்.

எல்லா வாயுவும் இப்படி இல்லை. கோவையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி: 150 பாரில், நம் ஊர் வெயிலில், ஆக்சிஜனுக்கு Z சுமார் 0.95, நைட்ரஜனுக்குச் சுமார் 1.02. ஆக்சிஜன் சிலிண்டரில் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும், நைட்ரஜனில் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். 200ஐ விட்டுவிட்டு, காலையில் பார்த்த 190ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகும். அந்தச் சூட்டோடு காட்டிய 200 அது. ஆறியதும் அழுத்தம் இறங்கும்; வாயு எங்கும் போகவில்லை. 30 டிகிரியில் 190 பாருக்குச் சூத்திரம் தரும் எடை 7.3 கிலோ. (கேஜ் காற்றழுத்தத்தைச் சேர்க்காமல் காட்டுவதால் 1 பார் கூட்டியிருக்கிறேன்.) அதை 0.83 ஆல் வகுத்தால் 8.8 கிலோ. நிரப்பும் முன் 50 பாரில் இருந்தது சூத்திரப்படி 1.95, அதை 0.92 ஆல் வகுத்தால் 2.1 கிலோ. கழித்தால் 6.7. உங்கள் பில்லும் அதேதான்.

இரண்டு அழுத்தங்களுக்கும் ஒரே Z போட்டுவிடாதீர்கள். பலரும் 150 பார் வித்தியாசத்தை எடுத்து ஒரே காரணியால் வகுத்துவிடுகிறார்கள். 50 பாரில் இருந்த மிச்சத்துக்கு அதன் Z, நிரம்பியதுக்கு அதன் Z, தனித்தனியாகப் போட்டுத்தான் கழிக்க வேண்டும்.

கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வண்டிக் கேஜ் 5 பார் தப்பாகக் காட்டினாலே கால் கிலோ பக்கம் மாறிவிடும். சிஎன்ஜி சுத்த மீத்தேனும் அல்ல. கொஞ்சம் ஈத்தேன் போன்றவை கலந்திருந்தால் எடை இன்னும் சற்றுக் கூடும். ஆகவே 6.5 என்றாலும் 7 என்றாலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 60 லிட்டர் சிலிண்டரில் இதே 50லிருந்து 200க்கு 8 கிலோ பில் வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். எடை மேடையில் ஏற்றிப் பார்க்கலாமா என்றால், அது 5, 10 கிலோ படியில் காட்டுவது, இதற்கு உதவாது.

நூற்றுக்கு இரண்டு மூன்று என்று சின்னதாகக் கை வைத்தால் இந்தக் கணக்கில் பிடிபடாது. பங்கில் மீட்டர் அளப்பது அழுத்தத்தை அல்ல, ஓடும் வாயுவின் எடையை. அதற்கு எடையளவுச் சட்டப்படி முத்திரை இருக்க வேண்டும். முத்திரை போட்ட தேதியைக் கேட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது, புகார் அங்கே கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. புகாரில் தேதி, பில், சிலிண்டரின் லிட்டர், நிரப்பும் முன் கேஜ், ஆறிய பின் கேஜ் எல்லாம் இருக்கட்டும்.

சித்திரை வெயிலில் இன்னொன்றும் நடக்கும். சிலிண்டர் ஏற்கெனவே கொதித்திருந்தால், நிரப்பும்போது உள்ளே 50 டிகிரிகூட ஆகலாம். அப்போது கேஜ் 200 காட்டினாலும் உள்ளே இருப்பது மொத்தம் 8.2 கிலோ பக்கம்தான். ஆறினால் கேஜ் 180க்கும் கீழே வந்து நிற்கும். எடைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள் என்பதால் இதில் காசு நட்டம் இல்லை, ஓடும் கிலோமீட்டர்தான் குறையும். கோவைக்கு லோடு அடிக்கிற நாளில் விடியற்காலையிலேயே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.