15 லட்சத்துக்கு 2,34,000 வரியா?

“2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. நிலைக்கழிவு போக என் வருமானம் 15 லட்சம். எக்ஸெல்லில் வரி 2,34,000 வருகிறது, சரியா?”

இல்லை, 1,09,200 தான் வர வேண்டும். உங்கள் தாள் 15 லட்சம் முழுவதற்கும் 15% போட்டிருக்கிறது. பெரும்பாலும் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=B2*15%*1.04
```

15% என்பது 12 லட்சத்துக்கு மேலுள்ள 3 லட்சத்துக்கு மட்டும்தான். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, 40,000. மீதி 3 லட்சத்துக்கு 45,000. ஆக 1,05,000, அதன்மேல் 4% செஸ் 4,200.

```
=(60000+(B2-1200000)*15%)*1.04
```

இது 12.75 முதல் 16 லட்சம் வரைக்கும்தான் பொருந்தும்.

16 லட்சத்துக்கு மேலுள்ள 20% அடுக்கையும் சேர்த்த பிறகு தாளை முழுசாகச் சோதிக்க, வருமானத்தில் 16,00,000 போட்டுப் பாருங்கள், அப்புறம் 16,00,100. கூடுதல் 100 ரூபாய்க்கு 20% வரி, செஸ்ஸோடு 20.80 தான் ஏற வேண்டும். எண்பதாயிரத்துக்கு மேல் தாவினால் பழைய தவறு இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்தச் சோதனையை 12 லட்சத்தில் செய்யாதீர்கள். அதுவரை 87A தள்ளுபடி வரியைப் பூஜ்யமாக்கிவிடும். தாண்டியதும் சுமார் 12.70 லட்சம் வரை, செஸ்ஸுக்கு முந்தைய வரி 12 லட்சத்துக்கு மேலுள்ள தொகையை மிஞ்சாதபடி சலுகை உண்டு. அதனால் அங்கே ஏற்றம் வேறு மாதிரி தெரியும்.

அந்த 15 லட்சத்தில் மனைவியின் சம்பளமும் சேர்ந்திருந்தால் பிரித்துவிடுங்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்குதான்.