நள்ளிரவு நேரத்தை மெசேஜில் எப்படி எழுதுவது?

"கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பாலக்காடு ஜங்ஷனில் ராத்திரி 12.40க்கு ரயில், டிக்கெட்டில் ஞாயிறு என்று இருக்கிறது. மாமாவுக்கு எப்படி எழுதினால் குழப்பம் வராது?"

"ஞாயிறு இரவு 12.40" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாமா ஞாயிறு சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புவார். ரயில் அதற்கு முந்தைய ராத்திரியே போயிருக்கும். டிக்கெட்டில் 00:40 என்று இருக்கும். ரயில்வேக்கு நள்ளிரவு 12க்கே தேதி மாறிவிடுகிறது. நம் பேச்சிலோ விடியும்வரை சனிக்கிழமை ராத்திரிதான்.

கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அதையே எழுதுங்கள்: "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு, 12.40க்கு ரயில். சனி இரவு 11.30க்கு ஸ்டேஷனில் இருங்கள்." ஸ்டேஷனில் இருக்க வேண்டிய நேரம் 12க்கு முன்னால் வருவதால் அதில் சந்தேகமே வராது. பக்கத்தில் இரண்டு தேதிகளையும் போட்டால் இன்னும் நல்லது.

3 மணிக்கு மேல் என்றால் "ஞாயிறு அதிகாலை" போதும். 12.40ஐ அதிகாலை என்றால் பலருக்கு ஒட்டாது.

அப்புறம், நள்ளிரவு தாண்டி அனுப்பும் மெசேஜில் "நாளைக்கு" வேண்டாம், கிழமையைச் சொல்லுங்கள். காலையில் படிப்பவருக்கு அது மறுநாளாகிவிடும்.