மஞ்சள் எல்லாம் நோயா?

கேள்வி: கிளிநொச்சியில் எங்களுக்கு நாலு ஏக்கர் நெல் வயல். ட்ரோன் வீடியோ எடுத்தவர்கள் மஞ்சள் திட்டுகளைக் காட்டி, முழு வயலுக்கும் மருந்தடிக்கக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நிறத்தை விட்டு, திட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

உரம் எறிபவர் நடந்த தடத்துக்கு ஒத்தாற்போல் பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக மாறி வந்தால், யூரியா சமமாக விழவில்லை. வயலின் தாழ்ந்த மூலையில் பயிர் ஐதாகி, இடையில் தண்ணீர் மினுங்கினால் அது வடிகால் குறை. இரண்டுக்கும் பூச்சிமருந்து வீண்.

நடு வயலில் வட்டமாகத் தொடங்கி, நடுப்பகுதி வைக்கோல் நிறமாகக் காய்ந்து, ஓரம் மஞ்சளாக விரிந்துகொண்டு போனால், சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டுந்தான். ட்ரோன் மேலிருந்து இலையைப் பார்க்கிறது. பூச்சி இருப்பதோ தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில். யாரையாவது வயலில் இறக்குங்கள். காய்ந்த நடுவில் தேட வேண்டாம், அங்கே சாறு தீர்ந்துவிட்டது. திட்டின் ஓரத்தில், இன்னும் பச்சையாக நிற்கும் தூரை விரித்துத் தட்டினால் கபில நிறப் பூச்சிகள் தண்ணீரில் விழும். விழாவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். விழுந்தாலும் எங்கே, எதை, எவ்வளவு அடிப்பது என்று விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கண்டபடி அடித்தால் அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள் செத்து, பூச்சி முன்னதைவிடப் பெருகும்.

இன்னொன்று. கமரா தானாக வெளிச்சத்தை மாற்றினால், தண்ணீர் பளிச்சிடும் இடத்தைக் கடக்கையில் முழுப் படமும் இருண்டு, நல்ல பயிரும் வேறு நிறமாகத் தெரியும். அந்தக் கணத்தில் வரம்பின் மண்ணைப் பாருங்கள். அதன் நிறமும் கூடவே மாறினால் குறை கமராவில். வெளிச்சத்தையும் நிற அமைப்பையும் பூட்டி, கமராவை நேர்கீழே திருப்பி, ஒரே உயரத்தில் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: சாதாரணக் கமரா ட்ரோனில் எடுத்துவிட்டு "NDVI" வரைபடம் என்று தனியாகக் காசு வாங்கினார்கள். சரியா? (கொட்டாஞ்சேனை)

பதில்: ஏமாற்றிவிட்டார்கள். NDVI என்பது பயிரின் பசுமையைக் காட்டும் ஓர் எண். கணக்கு இதுதான்:

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

NIR என்பது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. சாதாரணக் கமரா அதை வடிகட்டிவிடும், பிறகு எதை வைத்துக் கணக்குப் போட்டார்களாம்? பற்றுச்சீட்டில் "NDVI" என்று இருந்தால் அதைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேளுங்கள். நானும் ஒருமுறை இப்படியொரு வர்ணப் படத்துக்குக் காசு கொடுத்தேன். அதிலிருந்த "நோய்ச் சிவப்பு" பனைமர நிழல்.

கேள்வி: முழுக் காசையும் கொடுத்துவிட்டேன். வீடியோ வட்ஸ்அப்பில் வந்தது, எல்லாம் மங்கல். (தெஹிவளை)

பதில்: வட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பைக் கேளுங்கள். கோப்பு கைக்கு வருமுன் முழுக் காசைக் கொடுத்தது உங்கள் பிழை.

கேள்வி: அரை ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்கு எந்த ட்ரோன் வாங்கலாம்? (மட்டக்குளி)

பதில்: செருப்பு வாங்குங்கள்.