ஆறாம் அதிபதி பத்தில் இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: பெங்களூரில் ஐடி வேலை. கடக லக்னம், ஆறாம் அதிபதி குரு பத்தில். குரு தசை தொடங்கப் போகிறது. கடன், ஆபீஸ் எதிரி, நோய் மூன்றும் வருமென்று ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா?

பாதிதான் சொல்லியிருக்கிறார். கடகத்துக்கு ஆறாம் வீடு தனுசு. அதன் அதிபதி குருவே ஒன்பதாம் வீடான மீனத்துக்கும் அதிபதி. ஒன்பதின் பாக்கியத்தை விட்டுவிட்டு ஆறின் ருணத்தை, அதாவது கடனை, மட்டும் படிப்பது சரியில்லை.

பத்தாம் வீடு மேஷம், குருவுக்கு நட்பு வீடு. அங்கிருந்து ஐந்து, ஏழு, ஒன்பதாம் பார்வைகளாக உங்கள் இரண்டு, நான்கு, ஆறாம் வீடுகளைப் பார்க்கிறார். நான்காம் இடம் வீடு வாசல், இரண்டாம் இடம் கையிருப்பு. ஆகவே இந்தக் கடனை ஃபிளாட்டுக்கான ஹோம் லோன் என்றுதான் முதலில் படிப்பேன். ஒயிட்ஃபீல்டில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, ஆறாம் அதிபதி எங்கே இருந்தாலும்! தன் வீட்டைத் தானே பார்ப்பதால் அடைக்கும் வழியும் தெரிகிறது.

ஆறு சேவையின் வீடும்கூட. அதன் அதிபதி பத்தில் என்றால் போட்டி நிறைந்த வேலை. அப்ரைசலில் உரசல் வரலாம்; வேலை போகும் என்று அதற்குப் பொருளில்லை.

நோய்க்கு இதை மட்டும் வைத்துப் பலன் சொல்லக்கூடாது. லக்னாதிபதி சந்திரனின் பலத்தையும் எட்டாம் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பு சரியில்லையென்றால் டாக்டரிடம் போங்கள்.

குரு தசையில் முதலில் வரும் குரு புத்தி 2 வருடம் 1 மாதம் 18 நாள். அடுத்து வருவது சனி புத்தி; சனி எட்டாம் அதிபதி. புதுக் கடனுக்கு அப்போது கையெழுத்துப் போடுமுன் சனி நின்ற இடத்தைப் பாருங்கள்.