இரும்புச் சத்து மாத்திரையில் ஏறிய இரத்தம் ஏன் மீண்டும் இறங்குகிறது?

கேள்வி: எங்கள் அப்புச்சிக்கு வயது 74. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். நெடுநாளாகச் சர்க்கரை உண்டு; மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். போன ஆடியில் ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையில் ஐப்பசிக்குள் 10.6 ஆனது. நிறுத்தினோம், தையில் மறுபடி 8.4. மலத்தில் இரத்தம் போனதே இல்லை. கிரியாட்டினின் 1.4 என்பதால் ‘கிட்னியால் இருக்கும்’ என்கிறார்கள் உறவினர்கள். டாக்டரோ வயிற்றையும் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார். ‘வயசானா ரத்தம் கொறையத்தானுங்க செய்யும், ராகிக்களியும் முருங்கைக்கீரையும் போதும்’ என்கிறார் அப்புச்சி. என்ன செய்வது? பரிசோதனை முடிவுகளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு பேத்தி

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதே சரி. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முதியவர்களுக்கென்று அது தனியாகத் தளர்த்தப்படவில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் பிடிபடாத இரத்தசோகை முதியவர்களிடம் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் லேசானதாக இருக்கும். சிவப்பணுக்களின் பருமனும் இயல்பாக இருக்கும். நீங்கள் அனுப்பிய தாளில் சிவப்பணுவின் சராசரிப் பருமன் 71 என்றிருக்கிறது. இயல்பில் அது 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 22. இது 30-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே உங்கள் அப்புச்சிக்கு இருப்பது இரும்புக் குறைபாட்டால் வந்த இரத்தசோகை. அந்த இரும்பு எங்கே போனது என்பதுதான் இனிக் கண்டுபிடிக்க வேண்டியது.

ஒரு மில்லி லிட்டர் நல்ல இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். குடலில் எங்கோ ஓரிடத்தில் தினமும் 6 அல்லது 8 மில்லி, அதாவது ஒன்றரை டீஸ்பூன் அளவு, இரத்தம் கசிந்தால் 3 முதல் 4 மில்லிகிராம் இரும்பு வெளியேறிவிடும். சாப்பாட்டில் வரும் வரவு அதற்கு ஈடாகாது. இந்த அளவு கசிவை மலத்தில் கண்ணால் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் வயிற்றில் 50 முதல் 100 மில்லி வரை இரத்தம் சேர்ந்தால்தான் மலம் தார் போலக் கறுக்கும். ராகியும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுகளே, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பங்கையே குடல் எடுத்துக்கொள்ளும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும்.

மாத்திரை தின்றபோது ஏறியதும் நிறுத்தியதும் இறங்கியதும் இதனால்தான். நண்டு வளை வழியாக நீர் கசியும் வாய்க்காலில் வளையை அடைக்காமல் மடையை மட்டும் அகலத் திறந்துவிட்டது போன்றது நடந்த வைத்தியம். மாத்திரையில் இரத்தம் ஏறியது, உடல் இரும்பை ஏற்றுக்கொள்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, கசிவு இல்லை என்பதைக் காட்டவில்லை. இந்தத் தற்காலிக ஏற்றத்தில் மனம் நிறைந்து பல மாதங்களை இழந்துவிடும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கசிவுக்கான முதல் சந்தேகம் அந்த மூட்டுவலி மாத்திரை மீதுதான் விழுகிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் சுரப்பைக் குறைத்துவிடுவதால் அங்கே புண் உண்டாகிறது; வயதானவர்களுக்கு அந்தப் புண் வலிக்காமலேயே இரத்தம் கசியலாம். இதயத்துக்கென்று ஆஸ்பிரினும் சேர்ந்தால் ஆபத்து கூடும். இரண்டாவது இடம் பெருங்குடலின் வலப்பக்கம். அங்கே குடல் அகலமானது, மலமும் நீர்த்த நிலையில் இருக்கும் என்பதால், கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் மலச்சிக்கலோ வலியோ வராது. இரத்தசோகையே முதல் அடையாளமாக இருக்கக்கூடும். முதுமையில் அங்குள்ள சிறு இரத்தக்குழாய்கள் விரிந்து கசிவதும் உண்டு. ஒரே ஆளிடம் வயிற்றுப்புண்ணும் குடல்கட்டியும் சேர்ந்தே இருக்கலாம், ஆகவேதான் டாக்டர் இரண்டு வழியிலும் பார்க்கச் சொல்கிறார். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் சோதனை ‘இல்லை’ என்று வந்தாலும், கசிவு விட்டுவிட்டு நடப்பதால், அதை நம்பிக் குழாய்ப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர் என்றால் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சலாம். அதற்கு மலப் பரிசோதனையும் பூச்சி மாத்திரையும் உண்டு, ஆனால் இந்த வயதில் அதோடு தேடலை முடித்துக்கொள்ள முடியாது.

இனிச் சிறுநீரகம். எலும்பு மஜ்ஜைக்கு ‘இரத்தம் உற்பத்தி செய்’ என்று சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது; சிறுநீரகம் தளரும்போது அது குறைந்து இரத்தமும் குறையும். ஆனால் 74 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.4 என்றால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 53 வருகிறது. இது குறைவுதான், எனினும் ஹீமோகுளோபினை 8.4 வரை இழுத்துவிடும் அளவுக்கான தளர்ச்சி அல்ல; அத்தகைய இரத்தசோகை பெரும்பாலும் 30-க்குக் கீழே போகும்போதுதான் வரும். சிறுநீரகத்தால் மட்டும் வரும் இரத்தசோகையில் சிவப்பணுக்கள் இயல்பான பருமனிலேயே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்காக அதைக் கவனிக்காமல் விடவும் வேண்டாம். சிறுநீரில் அல்புமின் அளவைப் பார்த்து, மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினினையும் மறுபடி பாருங்கள். அந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைப்பவை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒருசேரக் கெடுப்பதால், மெடிக்கலில் தாமாக வாங்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லி, வலிக்குப் பாராசிட்டமாலோ மேலே தடவும் மருந்தோ போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவராக இருந்தால் வைட்டமின் பி12-ஐயும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

குடல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்துகளில் பாஸ்பேட் உப்புக் கலந்தவை தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஆகாது; ஆகவே கிரியாட்டினின் அளவையும் சர்க்கரை மருந்துகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரோட்டிலும் கோவையிலும் இந்தப் பரிசோதனையைச் செய்யும் குடல்நோய் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

காரணத்துக்கு வைத்தியம் நடக்கும்போதே இரும்பையும் திரும்பக் கொடுப்பார்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 அளவுக்கு ஏற வேண்டும். இயல்புக்கு வந்த பிறகும் கையிருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். வயிற்றிலும் பெருங்குடலிலும் எதுவும் தென்படாமல், இரத்தம் மட்டும் மறுபடி இறங்கினால், சிறுகுடலைப் படமெடுக்கும் கேப்ஸ்யூல் பரிசோதனை அடுத்த படி. இடையில் மலம் தார் போலப் பிசுபிசுப்பாகவும் கெட்ட நாற்றத்தோடும் போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, தேதி கொடுத்த நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.