அலமாரியில் 'ல' எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசியச் சொற்கள் பற்றி நீங்கள் கேட்டவை

போன மாதம் சாவி, ஜன்னல், மேசை எல்லாம் போர்ச்சுகீசியம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பலரும் ஒன்றையேதான் வேறு வேறு விதமாகக் கேட்கிறீர்கள்: இதெல்லாம் எப்படித் தெரியும், ஒலி ஒத்துப்போனால் போதுமா? போதாது. சிலவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

"ஐயா, அலமாரி அரபுச் சொல் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். முன்னால் 'அல்' இருக்கிறதே என்கிறார்." (பென்னாகரம்)

நண்பரின் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் போர்ச்சுகீசியத்திலேயே 'அல்' என்று தொடங்கும் அரபுச் சொற்கள் ஏராளம். ஆனால் இந்த 'அல்' அது இல்லை. போர்ச்சுகீசியச் சொல் 'அர்மாரியோ', அதற்கு மூலம் லத்தீன் 'அர்மாரியும்', அதாவது ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் பெட்டி. 'அர்மா' என்றால் ஆயுதம்.

அப்படியானால் 'ர்' எப்படி 'ல்' ஆனது? 'அர்மாரியோ'வைச் சொல்லிப் பாருங்கள், ஒரே சொல்லில் இரண்டு ரகரம். இப்படி ஒரே ஒலி அருகருகே இரண்டு முறை வந்தால் ஒன்றை மாற்றிச் சொல்வது மனித நாக்கின் இயல்பு, உலகம் முழுக்க மொழிகளில் நடப்பதுதான். பழைய போர்ச்சுகீசியத்திலேயே 'அல்மாரியோ' என்ற வடிவம் இருந்தது, ஸ்பானிய மொழியிலும் அதே மாற்றம் உண்டு. ஆக, கப்பலில் வரும்போதே லகரம் ஏறி வந்திருக்கலாம். தமிழில் 'ல்ம' சேர்ந்து வருவது நாக்குக்கு வசப்படாததால் நடுவில் ஓர் அகரம் போட்டு 'அலமாரி' என்று ஆக்கிக்கொண்டோம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரிலேயே குடைந்து, கடப்பாக்கல் பலகை பதித்து, மரக்கதவு போட்டிருப்பார்களே, அதையும் அலமாரி என்றுதான் சொல்கிறோம். இரும்பில் தனியாக நிற்பது பீரோ, அது பிரெஞ்சுச் சொல், ஆங்கிலம் வழியாக வந்தது.

"எங்கள் தெருவில் உருது பேசுபவர்கள் வாளியை 'பால்டி' என்கிறார்கள். போர்ச்சுகீசியர் கிருஷ்ணகிரிக்கு வந்ததே இல்லையே?" (கிருஷ்ணகிரி)

அவர்கள் வரவில்லை, சொல் மட்டும் நடந்து வந்தது. மூலம் 'பால்தெ' என்ற போர்ச்சுகீசியச் சொல், பொருள் வாளிதான். 1510-இல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. கொங்கணியில் இன்றும் 'பால்தி', மூலத்துக்கு மிக அருகில் நிற்கும் வடிவம். மராத்தியில் லகரமும் தகரமும் இடம் மாறி 'பாத்லி' ஆகிவிட்டது. இந்தியிலும் உருதுவிலும் பல்லில் நாக்குப் படும் ஒலி போய் டகரம் வந்து 'பால்டி'. தெலுங்கில் 'பால்ச்சி'. உங்கள் தெருவில் கேட்பது உருது வடிவம், ஆகவே அது வடக்கு வழியாகச் சுற்றி வந்தது, நம் கடற்கரையிலிருந்து நேராக ஏறி வந்ததில்லை. ஒரு சொல்லின் மூலம் எது என்பதும் அது எந்த வழியில் நம்மிடம் வந்தது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

"ஏலக்காயை ஏலம் விட்டதால்தான் 'ஏலம்' என்று பெயர் வந்ததாம். உண்மையா?" (பாலக்கோடு)

இல்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் தட்டுத் தட்டாகக் கூடு பரப்பி வைத்து, ஒருவர் கையில் நாலு கூட்டை எடுத்து அமுக்கிப் பார்த்து விலை கேட்பாரே, அந்த ஏலத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் இதே பொருளுக்கு அக்கம்பக்கத்து மொழிகளில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மலையாளத்தில் 'லேலம்', தெலுங்கில் 'வேலம்', மராத்தியில் 'லிலாவ்', இந்தியில் 'நீலாம்'.

மலையாளத்தில் ஏலக்காய்ச் செடிக்கும் 'ஏலம்' என்றுதான் பெயர். பாலக்கோட்டு விளக்கம் சரியாக இருந்தால், ஏலத்தோட்டம் நிறைய உள்ள அந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் விற்பனையையும் 'ஏலம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் 'லேலம்' என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு சொற்கள், தமிழில் முதல் 'ல்' விழுந்ததால் தற்செயலாக ஒன்றுபோல் ஆகிவிட்டன.

இப்போது தாளைத் திரும்பப் பாருங்கள். நடுவில் 'ல' எல்லாவற்றிலும் அசையாமல் இருக்கிறது. முதலெழுத்துதான் ஆடுகிறது: மலையாளத்திலும் மராத்தியிலும் ல, இந்தியில் ந, தெலுங்கில் வ, தமிழில் ஒன்றுமே இல்லை. மூலத்தில் முதலிலும் ஒரு லகரம் இருந்தது என்று வைத்துக்கொண்டால்தான் இது விளங்கும். அலமாரியில் இரண்டு ரகரம் இடித்தது போல இங்கே இரண்டு லகரம் இடித்திருக்கிறது, இந்திக்காரர்கள் முதலாவதை நகரமாக்கினார்கள், நாம் விட்டேவிட்டோம். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதும் சேர்ந்துகொண்டது.

போர்ச்சுகீசியச் சொல் 'லெய்லாவ்'. அதன் கடைசி ஒலியை மூக்கால் சொல்வார்கள். மராத்தி அதில் 'ஆவ்' என்பதைப் பிடித்தது, இந்தி மூக்கொலியைப் பிடித்து 'ஆம்' என்றது. நம் 'பொத்தான்' கூட இதே முடிவு கொண்ட 'பொத்தாவ்' என்ற சொல்தான், நாம் அங்கே மூக்கொலியை னகரமாக எடுத்துக்கொண்டோம். இப்படி ஒரே மாற்றம் இன்னொரு சொல்லிலும் நடந்திருப்பதைக் காட்ட முடிந்தால்தான் நான் நம்புவேன். அப்புறம், போர்ச்சுகீசியருக்கே இந்தச் சொல் அரபியிலிருந்து போனது, அறிவிப்பு என்ற பொருளில்.

"இணையத்தில் போர்ச்சுகீசியர் சாவியை 'ஷாவ்' என்கிறார்களே?" (ஊத்தங்கரை)

இன்று அப்படித்தான். நம்மிடம் வந்த 16-ஆம் நூற்றாண்டில் அந்த முதலெழுத்தை 'ச்ச' என்று அழுத்தித்தான் சொன்னார்கள், போர்ச்சுகலின் வடக்கே சில ஊர்களில் இன்னும் அந்த உச்சரிப்பு இருக்கிறது. ஸ்பானியத்தில் இதே சொல் 'யாவே' என்று ஆகிவிட்டதால், சாவி ஸ்பானியம் இல்லை என்பதும் உறுதி. மேசைக்கு இந்தச் சோதனை உதவாது, இரண்டு மொழியிலும் 'மேசா'தான். அங்கே நம் கரையில் யார் இருந்தார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் 1658-இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை இருந்தவர்கள் போர்ச்சுகீசியர்.

"வீட்டிலிருந்தே தேட வழி உண்டா?" (அரூர்)

உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் dsal.uchicago.edu தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லைப் போட்டுத் தேடினால், பொருளுக்குப் பக்கத்தில் Port. என்ற குறி இருக்கிறதா பாருங்கள். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அக்கம்பக்கத்து மொழி வடிவங்களை எழுதி, ஏலத்துக்குச் செய்தது போல ஒப்பிடுங்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தெருவிலேயே கிடைக்கும், அகராதியைவிட வேகமாக வேலை முடியும்.

"துப்பாக்கி?" (காரிமங்கலம்)

போர்ச்சுகீசியம் இல்லை, துருக்கியம். பீரங்கியும் போர்ச்சுகீசியச் சொல் இல்லை, 'ஃபிரங்கி' என்று போர்ச்சுகீசியரைப் பிறர் அழைத்த பெயர்.